4.8068 என்று எழுதினால் என்ன தப்பு? எஃப்.எஃப்.ஏ. டைட்ரேஷனில் எத்தனை இலக்கம் எழுதுவது

மில்லு லேப் பையன் · 4 மார்ச், இரவு 9:40

தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் மில்லில் லேப் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. தினமும் கச்சா எண்ணெயில் எஃப்.எஃப்.ஏ., அதாவது தனிநிலைக் கொழுப்பு அமிலம், எத்தனை சதவீதம் என்று பார்ப்பதுதான் என் முக்கிய வேலை. போன வாரம் ஒரு டாங்கி எண்ணெய்க்கு எடுத்தது இது: எண்ணெய் 5.02 கிராம், சோடியம் ஹைட்ராக்சைடு 0.0987 நார்மல், பியூரட்டில் இறங்கியது 9.55 மி.லி. மில்லில் எல்லோரும் போடும் அதே கணக்குதான்:

```
FFA % = 25.6 x N x V / W
      = 25.6 x 0.0987 x 9.55 / 5.02
```

கால்குலேட்டர் 4.806807968 என்று காட்டியது. கொஞ்சம் அடக்கமாக 4.8068 என்று எழுதினேன். சூப்பர்வைசர் சிவப்புப் பேனாவால் அடித்து 4.81 ஆக்கிவிட்டார். ஏன் என்று கேட்டால் "அப்படித்தான்" என்கிறார். இரண்டு நாள் கழித்து, அதே மாதிரியின் சீல் வைத்த இன்னொரு பாட்டிலை வாங்குபவர் தரப்பு லேப் பார்த்து 4.71 என்று அனுப்பியது. நான் இரண்டாவது தடவை செய்தபோது 4.80 வந்தது. இரண்டும் இவ்வளவு ஒத்துப்போகும்போது என் அளவு எப்படித் தப்பாகும்? 4.8068-ல் எந்த இலக்கம் வரைக்கும் எனக்குச் சொந்தம்?

படிவம் ஆறு டீச்சர் · 4 மார்ச், இரவு 10:15

சூப்பர்வைசர் சொன்னது சரி. பெருக்கல் வகுத்தலில் எதற்கு முக்கிய எண்ணுரு குறைவோ, விடைக்கும் அத்தனைதான். 25.6-க்கு மூன்று, 0.0987-க்கு மூன்று (முன்னால் வரும் பூஜ்ஜியம் கணக்கில் இல்லை), 9.55-க்கு மூன்று, 5.02-க்கு மூன்று. ஆக 4.81. இதைத்தான் வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறேன். வருடா வருடம் பாதி வகுப்பு கால்குலேட்டர் திரையை அப்படியே இறக்கி வைக்கிறது.

தோட்டத்துக் கிராணி · 5 மார்ச், காலை 6:50

4.8 என்பதே அதிகம் தம்பி. டைட்ரேஷனை விடுங்கள், பழத்தைப் பாருங்கள். உதிரிப்பழத்தை இரண்டு நாள் மரத்தடியில் விட்டுவிட்டு மூன்றாம் நாள் பொறுக்கினால் எஃப்.எஃப்.ஏ. ஏறத்தான் செய்யும். போன மாதம் எங்கள் பிரிவில் லோரி சேற்றில் மாட்டி ஒரு முழு நாள் குலை வெயிலில் கிடந்தது. நசுங்கின பழம் என்றால் எண்ணெய் பழத்துக்குள்ளேயே கெட ஆரம்பித்துவிடும்.

மில்லு லேப் பையன் · 5 மார்ச், காலை 7:05

அண்ணே, எண்ணெய் எப்படி இருக்கிறது என்பது என் கேள்வி இல்லை. நான் சொல்கிற எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் கேள்வி. ஆனால் லோரி கதை உண்மை. அந்த வாரம் இங்கேயும் அப்படித்தான்.

கிள்ளான் பியூரட் · 5 மார்ச், மதியம் 1:20

டீச்சரின் விதி சரியான இடத்தில்தான் கொண்டுபோய் விட்டிருக்கிறது. அது அதிர்ஷ்டத்தால். 9.95 மி.லி. இறங்கினால் மூன்று எண்ணுரு, 10.05 இறங்கினால் நான்கு. அதே பியூரட், அதே கண், அதே சொட்டு. பத்து மி.லி. கோட்டைத் தாண்டியதும் உங்கள் அளவு பத்து மடங்கு நுட்பமாகிவிட்டதா? எத்தனை இலக்கம் எழுதலாம் என்பதை நிச்சயமின்மை எவ்வளவு என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இலக்கத்தை எண்ணி நிச்சயமின்மையைக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று, 25.6-ஐ அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது யாரும் அளந்த எண் இல்லை. எல்லா அமிலத்தையும் பால்மிடிக் அமிலமாக வைத்துக்கொள்வோம் என்று பேசி வைத்துக்கொண்ட எண். 25.64 போட்டால் 4.81 என்பது 4.814 ஆகும், அவ்வளவுதான். வாங்குபவரும் 25.6 போடுகிறார் என்றால் அதில் நிச்சயமின்மை கிடையாது.

பையனுக்கு மூன்று கேள்வி. 0.0987 எப்படி வந்தது? தராசு எத்தனை தசமம்? பியூரட்டின் மேல் பக்கத்தில் என்ன அச்சடித்திருக்கிறது? "ஒத்துப்போகிறது" என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

மில்லு லேப் பையன் · 5 மார்ச், இரவு 8:30

பியூரட் 50 மி.லி., ஏ வகுப்பு, ±0.05 என்று போட்டிருக்கிறது. கோடு 0.1-க்கு ஒன்று. நடுவில் இருந்தால் 0.05 என்று கண்ணால் கணிப்போம்.

தராசு இரண்டு தசமம். நான்கு தசமத் தராசு ஒன்று இருந்தது, பழுதாகி ஒரு வருடம் ஆகிறதாம்.

நார்மாலிட்டிக்கு, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலின் பலத்துக்கு, உலர்த்திய பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் 0.50 கிராம் எடுத்து, தண்ணீரில் கரைத்து டைட்ரேட் செய்தேன். 24.80 மி.லி. பிடித்தது. ஒரு தடவைதான் செய்தேன். ஒரு பாட்டில் கிட்டத்தட்ட இரண்டு வாரம் வரும்.

கிள்ளான் பியூரட் · 5 மார்ச், இரவு 11:10

"0.50 கிராம்." தம்பி, வியாதி அங்கேதான் இருக்கிறது.

மெதுவாகப் பார்ப்போம். இரண்டு தசமத் தராசு 0.50 என்று காட்டினால் உண்மை 0.495-க்கும் 0.505-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். எந்த இடம் என்று சொல்ல நம்மிடம் எந்த ஆதாரமும் இல்லை, எல்லா இடமும் சமம். அப்படிப்பட்டபோது அந்த அரை அகலம் 0.005-ஐ மூன்றின் வர்க்கமூலத்தால் வகுக்கிறோம். 0.0029 வரும். காலிப் பாத்திரத்தை ஒரு தடவை, அந்தத் தாலேட் உப்போடு ஒரு தடவை என்று இரண்டு முறை தராசைப் பார்க்கிறீர்கள். இரண்டையும் சேர்த்தால் சுமார் 0.0041 கிராம்.

இதே 0.0041 எண்ணெயை நிறுக்கும்போதும் உண்டு. ஆனால் அங்கே அது 5.02 கிராமில் ஒரு துணுக்கு, 0.08 சதவீதம். உப்பை நிறுக்கும்போது 0.50 கிராமில் 0.82 சதவீதம். தராசு ஒன்றுதான், கை ஒன்றுதான், பத்து மடங்கு வித்தியாசம். இதில் கொடுமை என்னவென்றால், பியூரட்டின் கடைசிச் சொட்டுக்காக ஒரு நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆட்கள் நாம். உப்பை நிறுக்கும்போது 0.50 வந்ததும் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம்.

இப்போது பியூரட். ±0.05-ஐயும் அதேபோல வகுத்தால் 0.029 மி.லி. இதற்கு மேல் சொட்டும் கண்ணும். உங்கள் எண்ணெய் ஆரஞ்சு நிறம், அதில் இளஞ்சிவப்பு எப்போது வந்தது என்பது ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் பழைய இரட்டை டைட்ரேஷன் குறிப்புகளைப் பார்த்தால் இது தெரிந்துவிடும். தெரியும் வரை 0.04 மி.லி. என்று வைக்கிறேன், கிட்டத்தட்ட ஒரு சொட்டு. இரண்டையும் சேர்த்தால் 0.05 மி.லி., 9.55-ல் 0.52 சதவீதம்.

நார்மாலிட்டிக்கும் ஒரு டைட்ரேஷன் செய்திருக்கிறீர்கள். அங்கே அதே 0.05, ஆனால் 24.80-ல், ஆகவே 0.20 சதவீதம். அதோடு உப்பின் 0.82. சேர்ந்து 0.84.

மொத்தம்:

```
sqrt(0.08^2 + 0.52^2 + 0.84^2) = 0.99 %
4.81 x 0.99 / 100 = 0.048
```

ஆக 4.81 ± 0.05.

கிள்ளான் பியூரட் · 6 மார்ச், காலை 6:15

தூக்கக் கலக்கத்தில் ஒரு தப்பு. 0.048 என்பது ஒற்றை விலகல். அறிக்கையில் எழுதும்போது இரண்டால் பெருக்கி, பெருக்கினோம் என்று சொல்லியும் எழுத வேண்டும். அப்போதுதான் நூற்றில் தொண்ணூற்றைந்து தடவை உண்மை அந்த வேலிக்குள் இருக்கும் என்று பேச முடியும். ஆக 4.81 ± 0.10. சுருக்கமாக வேண்டுமென்றால் 4.8 ± 0.1. மேலே எழுதியதை அழிக்கவில்லை. நானும் தப்பு விடுவேன் என்பதற்கு அத்தாட்சியாக இருக்கட்டும்.

பையனின் கேள்விக்கு இதுதான் பதில். முதல் தசமம் உங்களுக்குச் சொந்தம். இரண்டாவது தசமம் பாதி சொந்தம், பாதி கடன். மூன்றாவதும் நான்காவதும் கால்குலேட்டர் கம்பெனிக்குச் சொந்தம்.

படிவம் ஆறு டீச்சர் · 6 மார்ச், மதியம் 2:30

இடைவேளையில் யோசித்தேன். என் விதியை நானே அரைகுறையாகத்தான் போட்டிருக்கிறேன். 0.0987-ஐ மூன்று எண்ணுரு என்று எண்ணினேன். அது பிறந்த இடம் 0.50 கிராம், அங்கே இரண்டே எண்ணுரு. வேரிலிருந்து விதியைப் போட்டிருந்தால் நார்மாலிட்டியே 0.099 என்றுதான் நின்றிருக்கும், விடையும் 4.8 என்று வந்திருக்கும். பாட்டிலில் ஒட்டிய லேபிளில் இருக்கும் எண்ணை நாம் யாருமே திரும்பிக் கேள்வி கேட்பதில்லை.

ஆனால் ஒரு சந்தேகம். மூன்று பிழையும் ஒரே பக்கம் போனால்? 0.08, 0.52, 0.84 நேராகக் கூட்டினால் 1.44 வருகிறதே. வர்க்கம் போட்டுக் கூட்டி ஏன் நம்மை நாமே குறைத்துக்கொள்ள வேண்டும்? நான் நேராகக் கூட்டித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

கிள்ளான் பியூரட் · 6 மார்ச், இரவு 9:00

தராசு மேலே தப்பினதற்கும் கண் ஒரு சொட்டு தாமதமானதற்கும் சம்பந்தம் இல்லை. மூன்றும் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் ஒரே பக்கம், அதுவும் முழு அளவுக்குச் சாய்வது அரிது. அதனால்தான் வர்க்கம். நேராகக் கூட்டுவது மோசமான நாளுக்குக் கணக்குப் போடுவது. பள்ளிக்கூடத்தில் அது போதும்.

இந்த முறையில் இன்னொன்றும் தெரியும். 0.08-ஐ முழுதாக எடுத்துவிட்டாலும் 0.99 அப்படியே இருக்கும். பெரியது எதுவோ அதுதான் ஆளுகிறது. எண்ணெயை நிறுக்க நான்கு தசமத் தராசு வாங்கினால் ஒரு வெள்ளிக்கும் பிரயோஜனம் இல்லை.

இனி "ஒத்துப்போகிறது". 4.81, 4.80 இரண்டும் ஒரே பாட்டில் காஸ்டிக் சோடாவால், அதே சோடியம் ஹைட்ராக்சைடால், வந்தவை. அந்தப் பாட்டிலின் நார்மாலிட்டி ஒரு சதவீதம் தப்பு என்றால் இரண்டும் சேர்ந்து, கைகோத்துக்கொண்டு, ஒரே பக்கம் தப்பும். நூறு தடவை செய்தாலும் நூறும் ஒத்துப்போகும். இரட்டை டைட்ரேஷன் உங்கள் கையைச் சோதிக்கும், பாட்டிலைச் சோதிக்காது.

வாங்குபவரின் 4.71-உம் சும்மா வரவில்லை, அதற்கும் ஒரு வேலி உண்டு. அவர் ±0.05 என்றால் 4.66 முதல் 4.76. உங்களுடையது 4.71 முதல் 4.91. வேலிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. இதில் சண்டைக்கு இடமே இல்லை.

பால்மரத்துத் தாத்தா · 7 மார்ச், காலை 5:40

எனக்கு எண்ணெய் தெரியாது. பால்மரத் தோட்டத்தில் இருபத்தாறு வருடம் லாடெக்ஸ் லேபில் இருந்தவன். பாலில் அமோனியா எவ்வளவு என்று அமிலம் ஊற்றி, மெத்தில் ரெட் போட்டுப் பார்ப்போம். வெள்ளைப் பாலில் நிறம் பார்ப்பது உங்கள் ஆரஞ்சை விடச் சுகம் என்று நினைக்காதீர்கள்.

எங்களிடம் இரண்டு பேர். ஒருவன் ஆறடி, நான் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல். பியூரட் ஸ்டாண்டு மேசை மேல் இருக்கும். மேலே தொடக்கத்தை அவன் கண் மட்டத்துக்கு நேராகப் பார்ப்பான், நான் அண்ணாந்து பார்ப்பேன். கீழே முடிவை நான் நேராகப் பார்ப்பேன், அவன் குனியச் சோம்பல்பட்டு மேலிருந்து பார்ப்பான். எங்கள் இருவருக்கும் எப்போதும் 0.1-க்கு மேல் வித்தியாசம். என் அண்ணாந்த பார்வை தொடக்கத்தைக் கீழே தள்ளும், அவன் குனியாத பார்வை முடிவை மேலே தூக்கும். கடைசியில் எனக்கு ஒரு மரப்பலகை போட்டார்கள், அவனுக்கு ஒரு முக்காலி. வெள்ளை அட்டையில் பாதியைக் கறுப்பு மையால் அடித்துப் பின்னால் பிடித்தோம், கறுப்பு விளிம்பில் திரவத்தின் வளைவு தெளிவாகத் தெரியும். அதற்கப்புறம் ஒத்துப்போனது. நீங்கள் 0.04 என்று வைத்தது ஒரே ஆள் செய்தால் சரி. ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் மாறினால்?

கிள்ளான் பியூரட் · 7 மார்ச், காலை 8:00

ஐயா சொல்வது சரி. 0.04 போதாது. ஆள் மாறும் லேபில் இரண்டு ஆட்களும் ஒரே எண்ணெயை மாறி மாறிச் செய்து, அந்தச் சிதறலை எடுக்க வேண்டும். நான் ஒரே ஆள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதினேன்.

மில்லு லேப் பையன் · 7 மார்ச், இரவு 10:20

பழைய குறிப்பேட்டில் முப்பது இரட்டை டைட்ரேஷன் பார்த்தேன். ஒரே ஆள் செய்தவற்றில் 0.04-க்குப் பக்கம்தான் வருகிறது. ஆனால் ஒன்று இடிக்கிறது. ஒரு மூத்த அண்ணனின் இரட்டைகள் எல்லாம் அச்சு அசலாக ஒன்று. 9.30, 9.30. 8.85, 8.85. பக்கம் பக்கமாக. ஒன்றைச் செய்துவிட்டு இரண்டாவதை எழுதிக்கொள்கிறார் போல. அவர் பெயர் வேண்டாம்.

நான்கு தசமத் தராசு வாங்கித் தரமாட்டார்கள் என்று மேலே கேட்டதுமே தெரிந்துவிட்டது. வேறு வழி இருக்கிறதா?

கிள்ளான் பியூரட் · 7 மார்ச், இரவு 10:50

இருக்கிறது. அதே தராசைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறோம், நிறுக்கும் அளவை மட்டும் மாற்றுகிறோம்.

உப்பை 10.21 கிராம் நிறுங்கள். 500 மி.லி. குடுவையில் கரைத்துக் கோடு வரை நிரப்புங்கள். அதிலிருந்து 25 மி.லி. பிப்பெட்டால் எடுத்து டைட்ரேட் செய்யுங்கள். 0.0041 கிராம் பிழை இப்போது 10.21-ல் விழுகிறது, 0.04 சதவீதம். குடுவை ஏ வகுப்பு என்றால் ±0.25 மி.லி., அது 0.03 சதவீதம். பிப்பெட் ±0.03, அது 0.07. டைட்ரேஷன் பழையபடி 0.20. எல்லாம் சேர்ந்து நார்மாலிட்டிக்கு 0.22 சதவீதம்தான். 0.84-லிருந்து 0.22. செலவு கொஞ்சம் உப்பு மட்டும்.

எஃப்.எஃப்.ஏ.-வுக்கு மொத்தம் 0.57 சதவீதம் வரும். இரண்டால் பெருக்கினால் ±0.05. அப்போது இரண்டாவது தசமத்தைத் தைரியமாக எழுதலாம்.

உப்பை நன்றாகக் கரையுங்கள், கரையக் கொஞ்ச நேரம் எடுக்கும். தண்ணீரைச் சூடாக்கினால் ஆறவிட்டுத்தான் கோடு வரை நிரப்ப வேண்டும்.

மில்லு லேப் பையன் · 10 மார்ச், இரவு 9:15

செய்துவிட்டேன். மூன்று தடவை பிப்பெட் எடுத்தேன்: 25.70, 25.65, 25.70. நார்மாலிட்டி 0.0973. பாட்டிலில் 0.0987 என்று ஒட்டியிருக்கிறது!

பழைய டைட்ரேஷனை 0.0973 வைத்துத் திரும்பப் போட்டால் 4.74. வாங்குபவருடைய 4.71-க்குப் பக்கத்தில். சூப்பர்வைசரிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, லேபிளைக் கிழித்துப் புதுசு ஒட்டினார்.

ஆசை விடவில்லை. அன்றைக்கே பழைய முறையில் 0.50 கிராம் உப்பை நான்கு தடவை நிறுத்துச் செய்தேன். 0.0966, 0.0984, 0.0971, 0.0978. அண்ணன் சொன்ன 0.84 சதவீதம் என்பது ஏதோ காகிதக் கணக்கு என்று நினைத்திருந்தேன். இந்த நான்கின் சிதறலைப் போட்டால் 0.81 வருகிறது. சராசரி 0.0975, குடுவை முறைக்கு ஒட்டியே.

படிவம் ஆறு டீச்சர் · 10 மார்ச், இரவு 9:50

அழகு. ஆனால் நான்கு எண்ணை வைத்து 0.81, 0.84 என்று மகிழாதே தம்பி. நான்கு எண்ணின் சிதறல் இன்னொரு நான்கில் 0.5 ஆகவும் வரலாம், 1.2 ஆகவும் வரலாம். உனக்கு அதிர்ஷ்டமான நாள்.

இந்த நான்கு எண்ணையும் அப்படியே வகுப்பில் போடப்போகிறேன். ஆட்சேபம் இருந்தால் சொல்.

கிள்ளான் பியூரட் · 11 மார்ச், காலை 7:30

டீச்சர் சொல்வது சரி. இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. 0.0987 எடுத்த நாள் எது, 0.0973 எடுத்த நாள் எது? நடுவில் பாட்டில் திறந்து மூடப்பட்டிருக்கிறது. சோடா காற்றிலிருந்து கரியமில வாயுவைக் குடிக்கும். பினாப்தலீன் வைத்துப் பார்க்கும்போது அதன் பலம் இறங்கிக்கொண்டே போகும். பழைய லேபிளை வைத்துக் கணக்குப் போட்டால் எஃப்.எஃப்.ஏ. அதிகமாகத் தெரியும். உங்கள் 1.4 சதவீத வித்தியாசத்தில் உப்பு நிறுத்த பிழை எவ்வளவு, காற்று தின்றது எவ்வளவு என்று இப்போது பிரிக்க முடியாது. ஆகவே 4.74 என்பதையும் முழுசாக நம்ப வேண்டாம். அந்த எண்ணெயை டைட்ரேட் செய்த நாளில் பலம் 0.0973-க்கு மேலேயே இருந்திருக்கலாம்.

மில்லு லேப் பையன் · 11 மார்ச், இரவு 8:00

லேபிளில் தேதி இல்லை. எண்ணெய் பார்த்ததற்கும் இதற்கும் நடுவில் பன்னிரண்டு நாள் இருக்கும். மூடி தளர்ந்திருந்ததும் உண்மை.

டாங்கிப் பக்கம் அக்கா · 12 மார்ச், மதியம் 12:40

நான் எண்ணெய் விற்கிற பக்கம் வேலை செய்கிறேன். நீங்கள் எல்லோரும் 4.8 பற்றிப் பேசுகிறீர்கள், அதனால் நிம்மதியாக இருக்கிறீர்கள். ஒப்பந்தத்தில் 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று இருக்கும். எங்களுக்கு வருவது 4.97, 5.02, 5.04. அப்போது என்ன செய்வீர்கள்? 5.04-ஐ ஒரு தசமத்துக்குச் சுருக்கினால் 5.0. பாஸ். இப்படிச் செய்த ஆளை எனக்குத் தெரியும், முக்கிய எண்ணுரு விதியைத்தான் காரணம் காட்டினார்.

படிவம் ஆறு டீச்சர் · 12 மார்ச், மதியம் 3:10

ஐயையோ. சுருக்குவது கடைசியில், அறிக்கையில் எழுதும்போது மட்டும். எல்லையோடு ஒப்பிடுவதைச் சுருக்காத எண்ணை வைத்துச் செய்ய வேண்டும். விதியை இப்படியும் உபயோகிப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கிள்ளான் பியூரட் · 12 மார்ச், இரவு 9:30

நானும் அப்படித்தான் செய்வேன். ஆனால் அக்காவின் கேள்வி அதோடு முடியவில்லை. ±0.05 உள்ள லேபில் 4.97 வந்தால் உண்மை 5.02 ஆகவும் இருக்கலாம். 5.04 வந்தால் உண்மை 4.99 ஆகவும் இருக்கலாம். இந்த இரண்டும் "தெரியாது" என்ற மண்டலத்தில் இருக்கின்றன. விற்பவர் பத்திரமாக இருக்க வேண்டுமென்றால் 4.95-க்குக் கீழ் வந்தால்தான் அனுப்புவேன் என்று தனக்குத்தானே கோடு போட்டுக்கொள்ளலாம். பழைய ±0.10 லேபாக இருந்தால் அந்தக் கோடு 4.90. அதாவது உப்பை 0.50 கிராம் நிறுப்பதற்கு நீங்கள் கட்டும் அபராதம் அது.

டாங்கிப் பக்கம் அக்கா · 12 மார்ச், இரவு 10:05

வாங்குபவரும் அதே மாதிரி "5.05-க்கு மேல் வந்தால்தான் திருப்பி அனுப்புவேன்" என்று ஒத்துக்கொள்வாரா? அவர் தன் பக்கத்து 5.01-ஐ வைத்துக்கொண்டு விலையைக் குறை என்பார். ஒப்பந்தத்தில் நிச்சயமின்மை யார் கணக்கில் என்று எழுதாதவரை லேப்காரர்கள் எவ்வளவு வர்க்கமூலம் போட்டாலும் எனக்கு உபயோகம் இல்லை.

கிள்ளான் பியூரட் · 12 மார்ச், இரவு 10:20

அதற்கு என்னிடம் பதில் இல்லை அக்கா. அது வக்கீல் விஷயம்.

தோட்டத்துக் கிராணி · 13 மார்ச், காலை 6:30

அதனால்தான் சொன்னேன், பழத்தை நேரத்துக்கு அனுப்பினால் 3.5-லேயே நிற்கும், யாருக்கும் வர்க்கமூலம் வேண்டாம்.

பால்மரத்துத் தாத்தா · 13 மார்ச், காலை 6:45

கிராணி சொல்வதில் நியாயம் இருக்கிறது.

மில்லு லேப் பையன் · 16 மார்ச், இரவு 9:55

இதுவரை நடந்தது: புதுப் பாட்டில், இறுக்கமான மூடி, தேதி போட்ட லேபிள், வாரத்துக்கு ஒரு முறை குடுவை முறை. ஐசோபுரப்பனாலையும் கவனிக்க ஆரம்பித்தேன். எண்ணெய் போடும் முன்பே சோடா விட்டு இளஞ்சிவப்பு காட்ட வேண்டும் என்பது முறை, அவசரத்தில் ஒரு தடவை விட்டுவிட்டேன். அந்தக் கரைப்பான் மட்டுமே 0.10 மி.லி. குடிக்கிறது. எஃப்.எஃப்.ஏ.-வில் அது 0.05. இரண்டாவது தசமத்துக்காக இவ்வளவு பாடுபட்டு, அதை இந்த இடத்தில் கொட்டியிருப்பேன்.

அறிக்கைப் படிவத்தில் ± போட இடமே இல்லை. ஓரத்தில் சின்னதாக எழுதுகிறேன். சூப்பர்வைசர் இன்னும் அதை அடிக்கவில்லை.

இப்போது ஒரு புதுத் தலைவலி. நேற்று ஏர்கான் அறையில் இரவு முழுக்க இருந்த மாதிரி பாட்டிலில் அடியில் கெட்டியாக, மேலே தெளிவாக இருந்தது. சூடாக்காமல் மேலிருந்து எடுத்தது 4.83. அடியில் சுரண்டி எடுத்தது 4.68. அதே பாட்டிலை முழுக்க உருக்கிக் குலுக்கி எடுத்தால் 4.77. பியூரட், தராசு, உப்பு எல்லாம் அதேதான்.

கிள்ளான் பியூரட் · 16 மார்ச், இரவு 10:30

நம் பட்டியலில் இது எங்கேயும் இல்லை. ±0.05 என்பது குடுவைக்குள் விழுந்த ஐந்து கிராமுக்கு மட்டும்தான், பாட்டிலுக்கு இல்லை, டாங்கிக்குச் சுத்தமாக இல்லை. முழுக்க உருக்காமல் எடுத்த எண்ணை அறிக்கையில் போடாதீர்கள்.

வாங்குபவர் தரப்பு தங்கள் பாட்டிலை உருக்கினார்களா என்று கேட்டீர்களா?

மில்லு லேப் பையன் · 16 மார்ச், இரவு 10:34

கேட்கவில்லை. நாளைக்குப் போன் போடுகிறேன்.